அஸ்திவாரத்துக்கு அடியில் வெளிச்சம்

எங்கள் யார்டுக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் ஆட்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். மரத்துக்கு வெள்ளையடிப்பார்கள், கல்லுக்கு வெள்ளையடிப்பார்கள், தெரியாத்தனமாகத் தூங்கிக்கொண்டிருந்த நாய் ஒன்றின் வாலுக்கும் ஒருமுறை அடித்துவிட்டார்கள். பள்ளம் கண்ட இடத்தில் கலவை போடுவார்கள். ஆடுகிற எதையும் ஆடவிட மாட்டார்கள். இதையெல்லாம் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் என் தூணை மட்டும் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நான் சண்முகசுந்தரி. மண்ணையும் அஸ்திவாரத்தையும் படித்த இன்ஜினியர். தூத்துக்குடித் துறைமுகத்து மதிலை ஒட்டிய யார்டில் எங்கள் கம்பெனி கான்கிரீட் தூண்களை வார்த்துக் கப்பலில் ஏற்றும். இந்தத் தடவை அந்தமானுக்கு. அங்கே ஒரு படகுத்துறையில் சரக்கு ஏற்றுகிற கன்வேயர் பாலத்துக்கு நாற்பது தூண்கள். அந்தமான் பூமி நம்ம ஊர் மாதிரி சாதுவானது இல்லை, பேயாட்டம் ஆடும்.

சரி, எல்லாரும் என்ன செய்வார்கள்? ஆடுகிற பூமியில் தூணை இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். ஆழமாகப் பைல் என்கிற கான்கிரீட் கம்பங்களை இறக்கி, அகலமாக அடி போட்டு, அசையவிடாமல் பிடித்துக்கொள்வார்கள். அப்போது பூமி குலுக்குகிற குலுக்கு முழுசும் தூண் வழியாக மேலே ஏறும். தாங்கும்படி தூணைத் தடியாக்கு. தடியானால் கனம் கூடும், கனம் கூடினால் குலுக்கும் கூடும். இதற்கு முடிவே கிடையாது.

நான் செய்தது நேர்மாறு. அடியைச் சின்னதாகப் போட்டேன். கெட்டியாக இடித்த மணல்மேல் சும்மா உட்கார வைத்தேன். பூமி பலமாகக் குலுங்கினால் அடியின் ஒரு பக்கம் மேலே எழும்பும், பாரம் முழுசும் மறுபக்க ஓரத்துக்குப் போகும், அந்த ஓரத்து மணல் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். அடுத்த நொடியில் பூமி திரும்பிவிடும், தூணும் தன் கனத்தாலேயே திரும்பி வந்து மறுபக்கம் எழும்பும். கவிழ நேரமே கிடைக்காது. குலுக்கலின் கோபத்தை மணல் நசுங்கி நசுங்கித் தின்றுவிடும்.

இதில் கணக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குதான். சோதனைக்காகப் பாதி அளவில் வார்த்த தூண்: அடி ஒரு மீட்டர் அகலம், மேல்பாரம் எல்லாம் சேர்த்து நாலு டன். எழும்புகிற அடி, அதிகபட்சம் அந்த நாலு டன்னை அரை மீட்டர் தூரத்துக்குத்தான் தள்ள முடியும். நாலில் பாதி ரெண்டு, அதாவது ரெண்டு டன்-மீட்டர். பாரத்தைத் தாங்க ஓரத்து மணலுக்கும் கொஞ்சம் அகலம் வேண்டுமே, அதைக் கழித்தால் ரெண்டுக்கும் குறைவு. தூணோ மூன்று வரை தாங்கும். பூமி எவ்வளவுதான் துள்ளினாலும் ரெண்டுக்கு மேல் வளைக்கிற பலம் மண்ணிலிருந்து தூணுக்கு ஏறாது. ஏற வழியில்லை. இதைச் சொல்லி எங்கள் ஜெனரல் மேனேஜர் மகாராஜா சாரை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆனது, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மகாராஜா சாருக்குப் பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற குரல். பழைய கிரேன் தண்டவாளத்தின்மேல் ஒரு இரும்புத்தொட்டியை நிறுத்தி, தொட்டி நிறைய மணலை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து, அதன்மேல் தூணை வைத்தோம். தூணின் தலையில் ஒரு மேடை, மேடையில் பாரத்துக்கு உப்பு மூட்டைகள். இந்த ஊரில் பாரத்துக்கு உப்பைவிட மலிவாக என்ன கிடைக்கும்? ஹைட்ராலிக் தள்ளி ஒன்று தொட்டியை அந்தமான் பூகம்பத்தின் தாளத்தில் முன்னும் பின்னும் ஆட்டும். முதல் சோதனையன்று மகாராஜா சார் தொட்டிப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். தூண் ஆடியது, அடியின் ஓரம் எழும்பியது, அந்தப் பக்கம் நின்ற ஆளின் செருப்பு இடுக்கு வழியாகத் தெரிந்தது.

"ஏம்மா!" என்று அலறினார். "அஸ்திவாரத்துக்கு அடியில வெளிச்சம் தெரியுதும்மா!"

"தெரியணும் சார். அதான் டிசைன்."

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் அஸ்திவாரத்துக்கு அடியில வெளிச்சம் பார்த்ததில்ல."

"தூணப் பாருங்க சார். ஒரு கீறல் இருக்கா?"

தூணைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டர் திரையில், தூணின் அடியில் ஒட்டிய கருவி காட்டுகிற கோடு மேலே ஏறி ரெண்டைத் தொடுவதற்கு முன்னாலேயே தட்டையாகப் படுத்துக்கொண்டது. தள்ளியின் வேகத்தை ஒன்றரை மடங்காக்கினேன், கோடு அதே உயரத்தில்தான் படுத்தது. அதையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஃபோர்மேன் மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு அதைவிட வருத்தம். அவர் போட்ட அஸ்திவாரம் எதுவும் இன்றுவரை ஒரு நூல் அசைந்தது கிடையாது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிகிறவர். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மேடம், நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ? மாடக்கண்ணு போட்ட அஸ்திவாரம் எந்திரிச்சி எந்திரிச்சி உக்காருதுன்னுல்லா சொல்லுவாவ."

"சொல்லட்டும் அண்ணாச்சி. எந்திரிச்சாத்தான் தூணு பொழைக்கும்."

"உங்களுக்கென்ன, சொல்லுவிய. எனக்கு ராத்திரி கண்ண மூட முடியல."

இந்த லட்சணத்தில் அந்தமானிலிருந்து சீஃப் இன்ஜினியர் எஸ்றா சார் செவ்வாய்க்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அவர் பார்த்து 'சரி' என்றால் நாற்பது தூணும் என் கணக்குப்படி. 'இல்லை' என்றால் பழையபடி பைல், என் ரெண்டு வருஷம் குப்பையில். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், அந்தத் தூண்கள் அப்படியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையில்லாத வீட்டில் இந்தத் தூணைத்தான் ரெண்டு வருஷமாகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் லிங்கராஜ்கூட, "உன் தூணுக்கு இன்னைக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றுதான் கடையடைத்துவிட்டு வந்து கேட்பார்.

சனிக்கிழமை உடன்குடியில் அக்கா மகளுக்குச் சடங்கு. போகாமல் இருந்தால் அக்கா ஏழு தலைமுறைக்குப் பேசுவாள். போனேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக யார்டுக்கு வந்தேன். வாசலில் வாழைமரம். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில். எஸ்றா சார் ஏற்கெனவே மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஒல்லியான, அமைதியான மனிதர்.

"இவங்கதான் சார் டிசைனர்," என்றார் மகாராஜா சார். "சார் போன வாரமே ஃபோன்ல ஒரு கேள்வி கேட்டாரும்மா. உங்க ஆளே நம்பாத தூண நான் எப்படி நம்புறதுன்னு. நான் சொல்லிட்டேன், எங்க டிசைனரே மேல ஏறி உக்காருவாங்கன்னு."

என்னைக் கேட்காமலேயே என்னைத் தூக்கி உப்பு மூட்டைமேல் வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், "அதுக்கென்ன, ஏறுதேன்," என்று சொல்லிவிட்டேன். பாலத்தைச் சோதிக்கும்போது கட்டினவன் அடியில் நிற்பது என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு நான் மட்டும் விலக்கா?

பாதுகாப்பு அதிகாரி பெனிஸ்டன் ஓடிவந்து எனக்கு ஹெல்மெட் மாட்டினார், கிரேனிலிருந்து தொங்கும் கயிற்றோடு இடுப்பில் பெல்ட் கட்டினார், பிறகு ஒரு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார்.

"இது எதுக்கு?"

"துறைமுகம் பக்கத்துல உயரத்துல ஏறினா லைஃப் ஜாக்கெட் போடணும் மேடம். ரூல்."

"கடல் முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்குய்யா."

"பக்கத்துலன்னுதான் மேடம் போட்டிருக்கு. எவ்வளவு பக்கத்துலன்னு போடல."

போட்டுக்கொண்டேன். புடவைமேல் லைஃப் ஜாக்கெட், அதற்குமேல் சடங்கு வீட்டு மல்லிகைப்பூ. இருந்த கோபத்தில் படியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஏணியில் ஏறி, உப்பு மூட்டைமேல் உட்கார்ந்த பிறகுதான் கீழே பார்த்தேன்.

கீழே மணல் இல்லை.

தொட்டிக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை வழுவழுவென்று ஒரு கான்கிரீட் தளம். தூணைச் சுற்றிக் காவிப் பட்டை. நடுவில் பெரிய பூக்கோலம், ஓரத்தில் 'நல்வரவு'. என் அடி அந்தத் தளத்துக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தது.

"அண்ணாச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றுவிட்டது. "என் மணல் எங்க?"

மாடக்கண்ணு அண்ணாச்சி முன்னால் வந்தார். முகத்தில் அப்படியொரு பெருமை. "அடியிலதான் மேடம் இருக்கு. மேல கான்கிரீட்டு போட்டுட்டோம்லா. சீக்கிரம் இறுகுத மருந்து கலந்து சனிக்கிழமையே போட்டாச்சி. பெரிய ஆளு வாரப்ப குண்டும் குழியுமா மணலா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"சும்மா மேல பூசினதுதானா, இல்ல..."

"சும்மாவா பூசுவேன்? தொட்டிச் செவுத்துல கம்பிய வெல்டு வச்சி, உங்க அஸ்திவாரத்துல ஓட்டை போட்டு உள்ள சொருகி, சிக்குனு கட்டிப்புட்டேன். இனிமே ஆன வந்து முட்டினாலும் எந்திரிக்காது பாத்துக்கிடுங்க." குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "நீங்க மேல உக்காருதீயன்னு ஜி.எம். சார் சொன்னாவ. எனக்கு மனசு கேக்கல மேடம். நம்ம பொண்ணு மாதிரில்லா," என்றார்.

பாசம்! பாசத்தால் என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறார். எழும்புகிற அடிக்குத்தான் ரெண்டு என்ற வரம்பு. கட்டிப்போட்ட அடிக்கு ஏது வரம்பு? தொட்டியின் குலுக்கு முழுசும் இனி நேராகத் தூணுக்கு ஏறும். தூண் தாங்குவது மூன்று. தள்ளி தயாராக வைத்திருப்பதோ அதைவிட ரொம்ப அதிகம்.

"நிறுத்துங்க. இத உடைக்கணும்," என்றேன்.

மகாராஜா சார் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "என்னம்மா, மேல ஏறினதும் பயமா? இப்பத்தான் ஸ்ட்ராங்கா இருக்கு, இப்பப் போய் உடைங்கிறீங்க?"

"ஸ்ட்ராங்கா இருக்கதுதான் சார் தப்பு."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை மற்றவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தெரிந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோலம் போட்ட பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எஸ்றா சார் மட்டும் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

சோதனையை நிறுத்தினால், தன் தூணுக்குத் தானே பயந்தவள் என்று பெயர். நடத்தினால் தூண் போகும், நானும் அதோடு போவேன். ரெண்டு வருஷம் கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தது. அழுகை வந்தது. ஆனால் எனக்கு அழுகைக்கு முன்னால் எப்போதும் வாய் வந்துவிடும்.

"சரி சார். நடத்துவோம். ஆனா இது இப்ப என் டிசைன் இல்ல. கட்டிப்போட்ட டிசைன் உங்க டிசைன். ரெண்டு வருஷமா நீங்க கேட்டது இதான். டிசைனர்தான மேல உக்காரணும்? நீங்க ஏறுங்க."

மகாராஜா சார் எஸ்றா சாரைப் பார்த்தார். எஸ்றா சார், "நியாயமாத்தான் படுது," என்றார்.

நான் இறங்கினேன். மகாராஜா சார் ஏறினார். லைஃப் ஜாக்கெட்டின் பட்டை அவர் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை, பெனிஸ்டன் ரெண்டு ஜாக்கெட்டைச் சேர்த்துக் கட்டினார். இடுப்பு பெல்ட்டை நானே மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். அந்த ஆளைப் பிடிக்காதுதான், அதற்காக?

பிறகு தூணின் அடிக்குப் போய், தளத்துக்குமேல் ஒரு சாண் உயரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். "எஸ்றா சார், தளத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவுல தெறிக்கும். மொத ரெண்டு குலுக்கு தாங்கும். பெருசா ஒண்ணு வரும், அப்ப பாருங்க."

"சாபம் போடாதீங்க மேடம்," என்றார் மாடக்கண்ணு அண்ணாச்சி. "என் கான்கிரீட்டு ஒரு நூல் அசையாது."

"அதான் அண்ணாச்சி அழுதுட்டு இருக்கேன்."

தள்ளியை ஓடவிட்டேன். தொட்டி முன்னால் போனது, பின்னால் வந்தது. தளம் அசையவில்லை. கோலம் அசையவில்லை. 'நல்வரவு' அசையவில்லை. மேலே மகாராஜா சார் ஒரு கையை விட்டு எங்களைப் பார்த்து ஆட்டிக் காட்டினார். திரையில் கோடு ரெண்டைத் தாண்டியது. ரெண்டரை. படுக்கவே இல்லை, நேராக ஏறிக்கொண்டிருந்தது. மூன்றைத் தொட்டபோது பெரிய குலுக்கு வந்தது.

பட்டென்று ஒரு சத்தம். சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே கான்கிரீட் ஓடு பெயர்ந்து கோலத்தின்மேல் விழுந்தது. உள்ளே கம்பிகள் பிதுங்கி வெளியே எட்டிப் பார்த்தன. அடுத்த குலுக்கில் மறுபக்கமும் தெறித்தது. தூண் மெல்ல, அலுத்துப்போன ஆள் சுவரில் சாய்வதுபோலச் சாய்ந்தது. உப்பு மூட்டைகள் சரசரவென்று சரிந்தன. நான் தள்ளியை நிறுத்திவிட்டேன்.

தூசு அடங்கியபோது மகாராஜா சார் கிரேன் கயிற்றில், ரெண்டு லைஃப் ஜாக்கெட்டோடு, தலை முழுக்க உப்போடு, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. தளத்திலும் ஒரு கீறல் இல்லை. நடுவில் தூண் மட்டும் செத்திருந்தது.

"இறக்குங்கலே," என்று மேலேயிருந்து சன்னமாகக் குரல் வந்தது. "தலைய சுத்துது."

அண்ணாச்சி தன் தளத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு உடைந்த இடத்தைப் பார்த்தார். கிட்டே போய் உட்கார்ந்து பிதுங்கின கம்பியைத் தொட்டார். என்னிடம் வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"நான் நல்லாக் கட்டுனதாலயா மேடம் உடைஞ்சிச்சி?"

"ஆமா அண்ணாச்சி," என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

அவர் வேறு யாரையும் தொடவிடவில்லை. மத்தியானமே பிரேக்கரை எடுத்து, தன் கையால் போட்ட தளத்தைத் தன் கையாலேயே உடைத்தார். எஸ்றா சார் ஊருக்குப் போகிற டிக்கெட்டை மாற்றிவிட்டு, நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மணலை அள்ளி, புது மணலை அடுக்கடுக்காக இடித்து, முதல் தூணோடு சேர்த்து வார்த்து யார்டில் கிடந்த இன்னொரு தூணை இறக்கி வைத்தோம். அதே தூண், அதே கம்பி, அதே நாலு டன் பாரம்.

மறுநாள் காலை நான் ஏறினேன். மகாராஜா சார் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்.

அந்த ஆட்டத்தை நான் எப்படிச் சொல்வது? முதலில் சின்னதாக ஒரு தள்ளல். பிறகு அடி எழும்பியது, வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். கீழே மணல் நறநறவென்றது. திரும்பி வந்து தொப்பென்று உட்கார்ந்து மறுபக்கம் எழும்பியது. பயந்தேன், நன்றாகவே பயந்தேன், முருகனைக் கூப்பிட்டேன். ஆனால் முதுகெலும்பில் ஏற வேண்டிய அந்த வெட்டு வரவே இல்லை. நேற்று தூணைக் கொன்ற அதே பெரிய குலுக்கு வந்தது. அதற்கும் அகலமாக ஒரு சாய்வு, அவ்வளவுதான். கீழேயிருந்து எஸ்றா சார் திரையைப் பார்த்துக் கத்தினார்: "ரெண்டத் தாண்டலம்மா! படுத்துக்கிச்சு!"

ஆட்டம் நின்றதும் இறங்கி ஓடினேன். தூணில் நகத்தால் தேய்த்துப் பார்த்தேன், ஒரு கீறல் கிடையாது. அடி ஒரு விரல் தடிமன் மணலில் இறங்கியிருந்தது. ரசமட்டம் வைத்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

எஸ்றா சார் குனிந்து ஓரத்து மணலைத் தடவினார். "இந்த இறக்கம், இந்தச் சாய்வு?"

"அதுதான் சார் விலை. மணல் நல்லா இறுகி இருந்து, அதோட பலத்துக்குப் பாரம் கம்மியா இருந்தா இவ்வளவோட நிக்கும். மணல் லூசா இருந்தா ரொம்ப இறங்கும். அப்ப இந்த டிசைனே கூடாது. அங்க மணல நான் பார்த்து இடிச்சுத் தரணும்."

"பூகம்பத்துக்கு அப்புறம் நிமித்தலாம். செத்துப்போன தூண என்ன செய்ய?" எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "நாற்பதும் இப்படியே போடலாம்மா. நான் ஒத்துக்கிடுதேன்."

அப்போதுதான் அழுதேன். அண்ணாச்சியும் அழுதார். பெனிஸ்டன் ஏன் அழுதார் என்று தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, "ஜெயிச்சிட்டேன்," என்றேன். "யாரு, நீயா தூணா?" என்றார். "ரெண்டு பேரும்தான்," என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் யோசனையா இருக்கு," என்று எஸ்றா சார் மெதுவாக ஆரம்பித்தார். "எங்க ஆளுங்களும் உங்க ஆளுங்க மாதிரிதான். ஒரு மந்திரி வந்தா போதும், தூணச் சுத்தித் தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, தொட்டி கட்டிக் குரோட்டன்ஸ் வச்சிருவாங்க. நாற்பது தூணுக்கும். நேத்து பார்த்தோமே, எவ்வளவு ஆசையாச் செய்யிறாங்க! எழுதி வச்சா யாரு படிப்பா? வேண்டாம்னு கத்துறதுக்கு ஒரு ஆளு அங்கயே இருக்கணும். தெரிஞ்ச ஆளா, வாய் உள்ள ஆளா, ஜி.எம்.மையே தூக்கிக் கயித்துல தொங்கவிடுற ஆளா."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் மகாராஜா சார் முதல் தடவையாக என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்.

"படகுத்துறைக்குப் பக்கத்துலயே குவார்ட்டர்ஸ் இருக்கும்மா," என்றார் எஸ்றா சார். "நல்ல காத்து."

மில்லர்புரம், கடை, கடையை விட்டு ஒரு நாளும் அசையாத என் வீட்டுக்காரர் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஆறு மாதத்தில் நாற்பது தூணையும் பாசமாகக் கட்டிப்போட்டுவிடுவார்கள்.

"எத்தனை நாளைக்கு சார்?" என்று கேட்டேன்.

"தூணு நிக்கிற வரைக்கும்தான்."

எவ்வளவு காலம் நிற்கும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அறுபது வருஷம் நிற்கும்படி கணக்குப் போட்டவளே நான்தான்.